துகளில் எழுந்து நீரில் கலப்பது: மணல் மண்டலமும் வரலாற்றாசிரியரின் சான்றும்



ஓர் அருங்காட்சியகத்தினுள் ஒரு பொருள் வந்து சேர்ந்தவுடன் அதற்கென ஒரு பதிவட்டை எழுதப்படும். பொருளின் பெயர், செய்தவர், செய்த காலம், செய்பொருள், அளவு, இன்றைய நிலை என்று அதில் சில கட்டங்கள் இருக்கும். கற்சிலையாயினும் செப்பேடாயினும் ஓலைச்சுவடியாயினும் இந்தக் கட்டங்களை நிரப்புவது பெரும்பாலும் எளிது. தெரியாத இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதிவிடலாம். ஆனால், பல நாள் உழைத்துச் செய்து முடித்தபின், செய்தவர்களே அதைத் தங்கள் கையால் கலைத்து ஆற்றில் கரைத்துவிடும் ஒரு பொருளுக்கு இந்த அட்டையை எப்படி நிரப்புவது? 'இன்றைய நிலை' என்னும் கட்டத்தில் 'அழிந்தது' என்று எழுதலாமா? செய்தவர்கள் அதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். 'நிறைவுற்றது' என்பார்கள்.

திபெத்தியப் பௌத்தர்களின் மணல் மண்டலம் அத்தகைய பொருள். இன்று இந்த அவையில் அந்த ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, அது சேகரிப்பாளருக்கும் வரலாற்றாசிரியருக்கும் எழுப்பும் வினாக்களைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

எழுப்பும் முறை

மண்டலம் என்றவுடன் அழகிய வட்ட வடிவக் கோலம் ஒன்றே நம் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது ஒரு மாளிகையின் தரைப்படம். நடுவில் ஒரு தெய்வம் உறைகிறது, அதைச் சூழ்ந்து சதுரமான மாளிகை, நான்கு திசையிலும் நான்கு வாயில், வாயில்களின்மேல் தோரணம். மாளிகையைச் சுற்றித் தாமரை இதழ்களின் வளையம், வஜ்ரங்களின் வளையம், தீச்சுடர்களின் வளையம் என்று காப்பு வளையங்கள் அமைகின்றன. எழுந்து நிற்கும் சுவர்களையும் தோரணங்களையும் நான்கு பக்கமும் வெளிப்புறமாகச் சாய்த்துப் படுக்கவைத்ததுபோல வரைவார்கள். இதை அறிந்து பார்ப்பவருக்குத் தட்டையான படம் கட்டடமாக எழுந்து நிற்கும். தியானத்தில் அமரும் துறவி தம் மனத்தில் எழுப்புவதும் அந்தக் கட்டடத்தையே.

வேலை மணலில் தொடங்குவதில்லை, நூலில் தொடங்குகிறது. இடத்தைத் தூய்மைசெய்யும் சடங்குகள் முடிந்தபின், மேடையின்மேல் சுண்ணப்பொடி தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டி, கோடுகளைப் பதிப்பார்கள். முதலில் மையத்தில் ஒன்றையொன்று வெட்டும் இரு அச்சுக்கோடுகள். அவற்றுக்குப் பிரமக்கோடு என்று பெயர். அடுத்து மூலைவிட்டங்கள், அதன்பின் மாளிகையின் சுவர்க்கோடுகள். அடிக்கோடுகள் அமைந்தபின், ஐந்து நிற இழைகளை முறுக்கிய நூலொன்றை மந்திரத்தோடு சுண்டும் சடங்கும் உண்டு.

அளவுமுறையில் நாம் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. முழமோ சாணோ இங்கே அடிப்படை அன்று. பரவலாக வழங்கும் முறையில், சுவரின் அடிக்கோட்டை எட்டாகப் பகுத்தால் வருவது வாயிலின் அளவு. அதை நான்காகப் பகுத்தால் வருவது சிற்றளவு. மற்ற உறுப்புகள் யாவும் இந்த இரண்டின் மடங்காகவோ கூறாகவோ சொல்லப்படுகின்றன. ஆகவே மேடை சிறிதாயினும் பெரிதாயினும் மண்டலம் அதே மண்டலம்தான். அளவு மாறும்; விகிதம் மாறாது. இதை நாம் பின்னர் மீண்டும் நினைவுகூர்வோம்.

கோடுகள் முடிந்தபின் வண்ணத்துகள் இடும் வேலை தொடங்கும். வெண்மையான கல்லை நுண்ணிய மணலாக அரைத்து வண்ணம் ஏற்றியிருப்பார்கள். 'சக்புர்' எனப்படும் நீண்டு கூம்பிய உலோகக் குழாயில் அந்த மணலை நிரப்பி, குழாயின் மேற்புறத்தில் வரிவரியாகச் செதுக்கிய பகுதியை மற்றொரு கோலால் உரசுவார்கள். அந்த அதிர்வில் மணல் கூர்முனை வழியாக ஒழுகும். மெல்ல உரசினால் சில துகள்கள் மட்டும் விழும். விரைந்து உரசினால் ஒரு கோடாக ஓடும். வேலை நடக்கும் கூடத்தில் வண்டுகள் ரீங்கரிப்பதுபோன்ற ஓசை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். மையத்திலிருந்து தொடங்கி வெளிநோக்கி வளர்ப்பது முறை. பெரும்பாலும் நால்வர் அமர்ந்து, ஆளுக்கொரு திசையை ஏற்றுக்கொள்வார்கள்.

முதலில் ஒரு பகுதி முழுவதற்கும் தளநிறம்; அதன்மேல் இதழ்; இதழின்மேல் தெய்வத்தைக் குறிக்கும் புள்ளியோ சின்னமோ; விளிம்பில் மெல்லிய கோடு. இப்படி அடுக்கடுக்காக இடுவதால் மணல் மண்டலம் உண்மையில் ஒரு தாழ்ந்த புடைப்புச் சிற்பம்போன்றது. பக்கவாட்டில் விளக்கை வைத்துப் பார்த்தால் எது முதலில் விழுந்தது, எது அதன்மேல் விழுந்தது என்று படித்துவிடலாம். நேர்மேலிருந்து எடுத்த ஒளிப்படத்தில் இது தெரியாது. அச்சில் நாம் காணும் மண்டலப் படங்கள் பெரும்பாலானவை நேர்மேலிருந்து எடுக்கப்பட்டவை என்பதால், அந்தப் படங்களை மட்டும் கண்டவர் மண்டலத்தை ஓவியமாகவே எண்ணிவிடுகிறார்.

கலைக்கும் முறை

மண்டலம் நிறைவுற்றபின் அதன் முன்னிலையில் தீக்கை நடைபெறும். மாணவர் அந்த மாளிகையினுள் நுழைவதாகப் பாவித்து, ஆசானிடம் தீக்கை பெறுவார். அந்தச் சடங்கு முடிந்ததும் மண்டலத்தின் பணி முடிந்துவிடுகிறது. அதன்பின் நடப்பதைத்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் 'அழித்தல்' என்கிறார்கள். ஆனால் எழுப்புவதற்கு எத்தனை ஒழுங்கு உண்டோ, கலைப்பதற்கும் அத்தனை ஒழுங்கு உண்டு.

முதலில் தெய்வங்களை விடைபெறுமாறு வேண்டுவார்கள். காலசக்கர மண்டலத்தில் 722 தெய்வங்கள் உறைவதாகக் கணக்கு. தலைமைத் துறவி, தெய்வங்கள் இருந்த இடங்களிலிருந்து மணலை விரல்நுனியால் கிள்ளி எடுப்பார். அதன்பின் வஜ்ரத்தைக் கையிலேந்தி, முதலில் நூலால் சுண்டிய முதன்மைக் கோடுகளின் வழியே மணலைக் கீறிச் செல்வார். அந்தக் கீறலோடு மாளிகையின் கட்டுக்கோப்பு தளர்ந்துவிடுகிறது. பிறகே மற்றவர்கள் வெளிவிளிம்பிலிருந்து மையத்தை நோக்கி மணலைக் கூட்டுவார்கள். எழுப்பும்போது மையத்திலிருந்து வெளியே வந்த கை, கலைக்கும்போது வெளியிலிருந்து மையத்துக்குத் திரும்புகிறது. வண்ணங்கள் யாவும் கலந்து, பெரும்பாலும் சாம்பல் நிறமாகிவிட்ட மணலைக் கலசத்தில் இட்டுப் பட்டால் போர்த்தி, ஊர்வலமாக நீர்நிலைக்குக் கொண்டுசென்று கரைப்பார்கள். நீரில் வாழும் உயிர்களுக்கும், அந்நீர் சென்று சேரும் இடங்களுக்கும் நன்மை விளையட்டும் என்பது வேண்டுதல். கூடியிருப்போர்க்குச் சிறிதளவு மணலை வழங்குவதும் வழக்கம். இறுதியில் மேடையில் எஞ்சியிருக்கும் கோடுகளும் துடைக்கப்படும்.

இங்கே ஒரு நுட்பமான செய்தியைப் பிரித்துணர வேண்டும். 'மணல் மண்டலம் நிலையாமையைக் கற்பிப்பதற்காகக் கலைக்கப்படுகிறது' என்று நாம் அடிக்கடி படிக்கிறோம். அது பொய்யன்று, ஆனால் முழுமையுமன்று. திபெத்திய மரபு மண்டலங்களைத் துணியிலும் சுவரிலும் நிலையாக வரைந்திருக்கிறது. உலோகத்தில் முப்பரிமாண மாளிகையாகவும் செய்து வைத்திருக்கிறது. அவற்றை யாரும் கலைப்பதில்லை. நிலையாமையே ஒரே காரணமாயின் அவையும் கலைக்கப்பட்டிருக்க வேண்டும். துகள் மண்டலம் ஒரு குறித்த தீக்கைக்காக எழுப்பப்பட்டது. தெய்வங்களை அழைத்து இருத்தியது. அழைத்தவரை உரிய காலத்தில் வழியனுப்புவது அழைத்தவரின் கடமை. கலைத்தலின் உடனடிப் பொருள் இதுவே. நிலையாமை என்னும் படிப்பினை அந்தச் செயலில் இயல்பாகவே உறைந்திருக்கிறது. பொதுமக்கள்முன் மண்டலங்கள் எழுப்பப்படத் தொடங்கியபின் அது முன்னணிக்கு வந்தது.

நம் வீட்டு வாசற்கோலத்தை இந்த இடத்தில் நினைப்பது இயல்புதான். ஒப்புமையைவிட வேறுபாடே நமக்கு அதிகம் கற்பிக்கிறது. கோலம், நடப்போரின் காலடியிலும் காற்றிலும் தானாகத் தேய்ந்து போகிறது. மணல் மண்டலம் தேய்ந்து போக விடப்படுவதில்லை. அதற்கு ஒரு முடிவுநாள் உண்டு, முடித்துவைப்பவர் உண்டு, முடிக்கும் முறை உண்டு.

ஒட்டிவைத்த மண்டலம்

இத்தகைய பொருள் அருங்காட்சியகத்தினுள் வந்தால் என்ன நேரும்? 1988-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நம்கியால் மடத்துத் துறவிகள் பொதுமக்கள் காணக் காலசக்கர மண்டலத்தை எழுப்பினார்கள். தீக்கை பெறுவோர் மட்டுமே கண்டுவந்த ஒன்று, தலாய் லாமாவின் இசைவோடு, வாயிலில் நுழைந்த எவரும் காணும் பொருளாயிற்று. முடிவில் முறைப்படி கலைக்கப்பட்டு ஹட்சன் ஆற்றில் கரைக்கப்பட்டது. அருங்காட்சியகத்திடம் பொருள் எதுவும் எஞ்சவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1991-இல், மினியாபோலிஸ் கலை நிறுவனத்தில் வேறொன்று நிகழ்ந்தது. கியூதோ தாந்திரிகக் கல்லூரியைச் சேர்ந்த துறவிகள் அங்கே யமாந்தக மண்டலத்தை எழுப்பினார்கள். அதைக் கலைக்கவில்லை. தலாய் லாமாவின் இசைவு பெற்று, அருங்காட்சியகக் காப்பாளர்களும் த்ரீஎம் நிறுவனத்தின் அறிவியலாளர்களும் சேர்ந்து, தனி வகைப் பசையால் அந்த மணலை அப்படியே நிலைப்படுத்தினார்கள். மணல் மண்டலம் ஒன்று இவ்வாறு நிலையாகப் பாதுகாக்கப்பட்டது அதுவே முதன்முறை என்று கருதப்படுகிறது. இன்றும் அது அந்த நிறுவனத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

யமாந்தகன் என்னும் பெயரைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. யமனுக்கே அந்தகன், சாவுக்கு முடிவு செய்பவன். நூற்றுக்கணக்கான மண்டலங்களுள் சாவை வெல்பவனின் மண்டலம் ஒன்று தனக்குரிய முடிவிலிருந்து விலக்கப்பட்டு நிலைத்துவிட்டது என்பதை எண்ணி வியப்பவர்கள் வியக்கலாம்.

நாம் வியப்பதோடு நில்லாமல், பொருட்பாதுகாப்பின் நோக்கில் இதைச் சற்று ஆராய்வோம். ஒட்டப்படாத துகளைப் பசையால் நிலைப்படுத்துவது எளிய வேலையன்று. பசையைத் தெளித்தால் அந்த வேகத்திலேயே துகள்கள் சிதறும். துளியாக விட்டால் துளி விழுந்த இடம் குழியும். ஆகவே மிக நுண்ணிய பனிபோல அதைப் படியச்செய்ய வேண்டும். இன்னொரு சிக்கல் நிறத்தைப் பற்றியது. உலர்ந்த துகள்களுக்கிடையே காற்று இருக்கிறது. ஒளி அங்கே பலவாறு சிதறுவதால் நிறம் வெளிறிய மென்மையோடு தோன்றும். அந்தக் காற்றிடத்தைப் பசை நிரப்பினால் சிதறல் குறைந்து நிறம் ஆழ்ந்துவிடும். உலர்ந்த மணலையும் நனைந்த மணலையும் கடற்கரையில் பார்த்தவர்க்கு இது புரியும். எனவே நிலைப்படுத்திய எந்த மணற்படைப்பையும் காணும்போது, அதன் நிறம் செய்தவர் கண்ட நிறந்தானா என்று வரலாற்றாசிரியர் கேட்டாக வேண்டும். பசை சேர்ப்பதற்குமுன் எடுத்த ஒளிப்படமும், பசை படாத மணலின் மாதிரியும் இருந்தால் விடை கிடைக்கும். இரண்டும் இல்லையாயின் விடை இல்லை.

இதனினும் முதன்மையான வினா வேறு. பாதுகாக்கப்பட்டது எது? மண்டலத்தின் வாழ்வில் கோடிடுதல், எழுப்புதல், தெய்வங்களை இருத்துதல், தீக்கை, வழியனுப்புதல், கலைத்தல், கரைத்தல் என்று பல கட்டங்கள் உண்டு. பசை அவற்றுள் ஒரே ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்துகிறது. ஓடும் ஆற்றிலிருந்து ஒரு குடம் நீரை முகந்து வைத்ததுபோல அது. குடத்து நீர் உண்மையான நீர்தான். ஆயினும் அதைப் பார்த்து ஆற்றின் ஓட்டத்தை அறிய இயலாது.

இதனால் அவ்வருங்காட்சியகம் செய்தது பிழை என்று சொல்ல வரவில்லை. மரபின் உரிமையாளர்களே படைத்தார்கள். அவர்களுடைய தலைவரே இசைந்தார். அருங்காட்சியகம் கேட்டுப் பெற்றது. கேட்காமல் எடுத்தவற்றால் நிரம்பிய சேகரிப்புகள் உலகில் பல இருக்க, இது மதிக்கத்தக்க முன்மாதிரி. நாம் சொல்வது இவ்வளவே: அத்தகைய பொருளின் அருகில் நிற்கும் மாணவர், எஞ்சிய மணலை முழுமை என்று கொண்டுவிடக்கூடாது.

செங்கல்லும் துகளும்

அப்படியாயின், ஆண்டாண்டாகக் கரைந்துபோன மண்டலங்களின் வரலாற்றை எப்படி எழுதுவது? எஞ்சிய பொருள்களை மட்டும் நம்பினால் வரலாறு கோணலாகும். துணியில் வரைந்த மண்டலங்கள் எஞ்சியிருக்கின்றன. 15-ஆம் நூற்றாண்டில் ஙோர் மடத்தை நிறுவிய குங்கா சங்போ நேவார் ஓவியர்களைக் கொண்டு வரைவித்த மண்டல ஓவியங்கள் இன்று உலகின் பல சேகரிப்புகளில் பிரிந்து கிடக்கின்றன. அவற்றை மட்டும் எண்ணிப் பார்ப்பவர், மண்டலம் என்பது அடிப்படையில் ஓவியக்கலை என்றும் துகள் மண்டலம் அதன் ஒரு கிளை என்றும் முடிவுகட்டுவார். தீக்கை நடந்த இடங்களிலெல்லாம் எழுந்து மறைந்த துகள் மண்டலங்கள் அவர் கணக்கில் வாரா. நிலைத்தது பெரிதாகவும் மறைந்தது சிறிதாகவும் தோன்றுவது சான்றின் இயல்பே. அதைச் சரிசெய்வது வரலாற்றாசிரியரின் கடமை.

சரிசெய்வதற்கு வழி இருக்கிறது. பீகாரில் கங்கைக்கரைக்கு அருகே விக்கிரமசீலம் என்னும் பெரும் பௌத்தப் பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே ஏறத்தாழ 1100-ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த அபயாகரகுப்தர் என்னும் ஆசான் 'வஜ்ராவளி' என்னும் வடமொழி நூலை இயற்றினார். மண்டலத்துக்கு இடம் தேர்வது, நூல் சுண்டுவது, அளவு பகுப்பது, வண்ணப்பொடி இடுவது, சடங்கை முடித்து வைப்பது என்று யாவற்றையும் அது வரிசையாகச் சொல்கிறது. வண்ணப்பொடியால் இடும் மண்டலத்துக்கு ரஜோமண்டலம் என்று பெயர். ரஜஸ் என்றால் துகள். இது பௌத்தர்க்கு மட்டும் உரிய முறையன்று. நம் சைவ ஆகம மரபிலும் தீக்கைக்கு வண்ணப்பொடி மண்டலம் இடும் விதி உண்டு.

அபயாகரகுப்தர் கற்பித்த விக்கிரமசீலம் ஏறத்தாழ 1200-ஆம் ஆண்டை ஒட்டி அழிந்தது. அந்திசக் என்னும் சிற்றூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் அடித்தளங்களே இன்று அங்கே காணக்கிடைப்பவை. ஆனால் அவருடைய நூல் நேபாளத்துச் சுவடிகளிலும் திபெத்திய மொழிபெயர்ப்பிலும் வாழ்ந்தது. அதன்வழி வளர்ந்த முறைப்படி இன்றும் துறவிகள் நூலைச் சுண்டுகிறார்கள், துகளை இடுகிறார்கள். நிலைக்கட்டும் என்று செங்கல்லால் எழுப்பிய கட்டடம் வீழ்ந்தது. கலையட்டும் என்று துகளால் எழுப்பியது, ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்தும் மீண்டும் மீண்டும் எழுகிறது.

இதற்குக் காரணத்தை நாம் முன்னரே கண்டோம். விகிதமே அதன் உடல். மணல் அதன் ஆடை. விகிதத்தைச் சொல்ல நூல் வேண்டும். நூலைச் செயலாக்க ஆள் வேண்டும். ஆளைப் பழக்க ஆசான் வேண்டும். கலைத்துவிடுவதால்தான் மீண்டும் செய்ய வேண்டியிருக்கிறது. மீண்டும் செய்வதால்தான் ஒவ்வொரு தலைமுறையிலும் கற்றவர் இருக்கிறார்கள். ஒரே ஒரு மண்டலத்தைச் செய்து நிலையாக வைத்திருந்தால், இரண்டாவதைச் செய்யத் தெரிந்தவர் நாளடைவில் இல்லாமற் போயிருக்கக்கூடும்.

எஞ்சிய படங்களையும் இந்த நூலறிவோடு படிக்கலாம். ஒரு சான்று காட்டுவோம். குறிப்பு எதுவும் இல்லாத பழைய ஒளிப்படம் ஒன்று கிடைக்கிறது. மண்டலம் வண்ணத்தில் தெரிகிறது. திபெத்திய மண்டலங்களில் கிழக்கு, பார்ப்பவரை நோக்கிக் கீழ்ப்புறத்தில் அமைவது வழக்கம். நடுத் தெய்வம் முகம் நோக்கும் பக்கம் கிழக்கு என்று கொண்டு, நான்கு திசைகளின் தளநிறங்களைப் பார்க்க வேண்டும். கிழக்கு கருமை, தெற்கு சிவப்பு, மேற்கு மஞ்சள், வடக்கு வெண்மை என்றிருந்தால் அது காலசக்கர முறை. கிழக்கு வெண்மை, தெற்கு மஞ்சள், மேற்கு சிவப்பு, வடக்கு பச்சை என்றிருந்தால் அது பிற மண்டலங்கள் பலவற்றில் காணும் முறை. பெயரும் நாளும் இல்லாத படத்திலிருந்து இவ்வளவு அறிய முடிகிறது. ஆனால் எந்தப் படமும் ஒன்றைச் சொல்லாது: அந்த மண்டலம் எப்படி முடிந்தது என்பதை.

மூன்று வகை முடிவுகள்

முடிவு எப்படி வந்தது என்பது வரலாற்றாசிரியருக்கு ஏன் முதன்மையானது? மூன்று நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் புரியும்.

1991-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆசியக் கலை அருங்காட்சியகத்தில், காலசக்கர மண்டலம் ஒன்றின்மேல் பார்வையாளர் ஒருவர் பாய்ந்து அதை மிதித்துச் சிதைத்தார். கூடியிருந்தோர் அதிர்ந்தனர், துறவிகள் சினம் கொள்ளவில்லை. 2007-இல் கான்சஸ் நகரத்தின் யூனியன் நிலையத்தில், துறவிகள் இல்லாத நேரத்தில், ஒரு சிறு குழந்தை தடுப்பைக் கடந்து, பாதி வளர்ந்திருந்த மண்டலத்தின்மேல் ஏறித் துள்ளி விளையாடிவிட்டது. காவல் ஒளிப்பதிவில் அது பதிவாயிற்று. துறவிகள் திரும்பிவந்து பார்த்து, கடிந்துகொள்ளாமல், சிதைந்ததைச் சீர்செய்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

இந்த இரண்டாம் நிகழ்ச்சி நமக்கு மிக முதன்மையானது. 'எப்படியும் கலையப்போவதுதானே' என்று அவர்கள் விட்டுவிடவில்லை; மீண்டும் இட்டார்கள். முடிவு வரும் என்பதும், முடிவு எப்போது எப்படி வந்தாலும் ஒன்றே என்பதும் வேறு வேறு கூற்றுகள். நிலையாமையை உணர்ந்தவர் முன்னதை ஏற்கிறார்; பின்னதை ஏற்பதில்லை.

மூன்றாவது, மண்டலத்துக்கு அன்று; மண்டலத்தைச் செய்வோர்க்கு நேர்ந்தது. 1959-க்குப் பின்னரும் பண்பாட்டுப் புரட்சிக் காலத்திலும் திபெத்தின் மடங்கள் மிகப் பலவாக அழிந்தன. நம்கியால், கியூதோ போன்ற மடங்களைத் தப்பிவந்த துறவிகள் இந்தியாவில் மீண்டும் நிறுவினார்கள். இடையில் ஆசான்களின் தொடர் அறுந்திருந்தால் எந்தச் சுவடியும் தனியாக நின்று இந்தக் கலையைக் காத்திருக்காது. மண்டலத்தைத் தம் கையால் கலைக்கும் துறவியர், தம் மடம் இடிக்கப்பட்டதைப் 'படிப்பினை' என்று கொண்டாடவில்லை. தாமே கலைப்பது வேறு. பிறரால் கலைக்கப்படுவது வேறு. நிலையாமை என்பது செய்தவர் தமக்குத்தாமே ஏற்கும் ஒழுக்கம். அழித்தவர் தம் செயலுக்குக் காட்டும் நியாயமாக அது ஒருபோதும் ஆகாது. இந்த எல்லைக்கோட்டை மறந்து எழுதும் வரலாற்றாசிரியர், அறியாமலே அழித்தவர் பக்கம் சாய்ந்துவிடுவார். பண்பாட்டு இழப்பு எதைப்பற்றி எழுதினாலும், 'எல்லாம் ஒருநாள் மறைவதுதான்' என்று வரியை முடித்துக்கொள்வதற்குமுன் நாம் கேட்கவேண்டியது: மறையச் செய்தவர் யார், யாருடைய இசைவோடு?

மீண்டும் அந்தப் பதிவட்டை

தொடக்கத்தில் வெற்றாக விட்ட பதிவட்டைக்குத் திரும்புவோம். ஒரு மணல் மண்டலம் நம் ஊர் அருங்காட்சியகத்தில் எழுப்பப்பட்டுக் கலைக்கப்படுகிறது என்று கொள்வோம். அட்டையை நாம் நிரப்ப வேண்டும்.

பெயர் என்னும் கட்டத்தில் 'மணல் மண்டலம்' என்று மட்டும் எழுதுவது, ஒரு கோயிற்சிலையை 'கற்சிலை' என்று எழுதுவதற்கு ஒப்பாகும். எந்தத் தெய்வத்தின் மண்டலம், எந்த மரபின் முறை என்று எழுத வேண்டும். செய்தவர் என்னும் கட்டத்தில் மடத்தின் பெயரோடு, அவர்கள் இசைந்தால், நூல் சுண்டியவர், தலைமை ஏற்றவர், ஒவ்வொரு திசையிலும் அமர்ந்தவர் ஆகியோரின் பெயர்களும் இடம்பெற வேண்டும். செய்பொருள் என்னும் கட்டத்தில் எந்தக் கல், எந்தச் சாயம், எவ்வளவு நுண்மை என்பன வேண்டும். காலம் என்னும் கட்டத்துக்கு ஒரு நாள் போதாது. தொடங்கிய நாள், நிறைவுற்ற நாள், கலைத்த நாள், கரைத்த நாளும் இடமும் என்று எழுத வேண்டும்.

சேகரிக்கத்தக்கவை இல்லாமலில்லை. மேடையில் நூலால் பதித்த கோடுகளின் வரைபடம், மணல் விழுவதற்குமுன் எடுத்தது. பக்கவாட்டு ஒளியில் அடுக்குகள் தெரிய எடுத்த படங்கள். கலைக்கும் சடங்கின் முழுமையான ஒலி, ஒளிப்பதிவு. பயன்படுத்தித் தேய்ந்த சக்புர் ஓரிணை. மிஞ்சிய வண்ண மணலின் மாதிரிகள். துறவிகளின் சொந்தச் சொற்களில் அமைந்த விளக்கம். இவற்றில் எதையும் அவர்கள் இசைவின்றி எடுத்தல் கூடாது. மந்திரப்பகுதி போன்று அவர்கள் மறைத்தவற்றை மறைத்தபடியே விட வேண்டும். இத்தனையும் சேர்ந்தால், அடுத்த நூற்றாண்டின் மாணவர் ஒருவர் அந்த மண்டலத்தைப் பற்றி மினியாபோலிஸில் ஒட்டிவைத்த மணல் மட்டும் சொல்லக்கூடியதைவிடக் கூடுதலாக அறிவார்.

எஞ்சியிருப்பது 'இன்றைய நிலை' என்னும் கட்டம். 'அழிந்தது' என்று எழுதினால் நாம் துறவிகளின் செயலைப் பொய்யாக்குகிறோம். 'இல்லை' என்று எழுதினால் அடுத்த மடத்தில் அடுத்த ஆண்டு எழப்போகும் மண்டலத்தை மறக்கிறோம். 'முறைப்படி நிறைவுற்றது, செய்யத் தெரிந்தவர்கள் உள்ளனர்' என்று எழுதலாம். இரண்டாம் பகுதியே அந்த அட்டையில் மிக மதிப்புடைய செய்தி. அது எழுத முடியாமற்போகும் நாளில்தான் மண்டலம் உண்மையாகவே அழிந்ததாகும். அதுவரை வரலாற்றாசிரியரின் வேலை, மணலைக் காப்பதைவிட, அந்த வரி எப்போது மாறுகிறது என்று கண்காணித்துக்கொண்டிருப்பதே.